ஆண்டறிக்கைப் பட்டை வரைபடத்தின் போட்டோவிலிருந்து எண்களை எடுப்பது எப்படி?

கேள்வி: ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருந்து ஒரு பக்கத்தை நண்பர் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஐந்து வருட விற்பனை பட்டைகளாகவும், லாப விகிதம் அதன்மேல் ஒரு கோடாகவும் போட்டிருக்கிறார்கள். பட்டைகளின் மேலோ கோட்டின் மேலோ எண் எதுவும் எழுதவில்லை, அட்டவணையும் இல்லை. குத்துமதிப்பாகச் சொல்லாமல் ஒழுங்காக எண்களை எடுக்க முடியுமா? எடுத்தால் எவ்வளவு நம்பலாம்?

பதில்:

முடியும். படம் ஓரளவு தெளிவாக இருந்து, பட்டைகளுக்குப் பின்னால் கிடைமட்டக் கட்டக்கோடுகளும் தெரிந்தால், 2,000 கோடி வரை போகும் அச்சில் 5 கோடி முன்பின்னாக எண்ணைப் பிடித்துவிடலாம். கோடிக்குக் கீழே உள்ள இலக்கங்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அளக்க உட்காருவதற்கு முன், ஐந்தில் எத்தனை எண்களை அளக்காமலே பெறலாம் என்று பாருங்கள். இந்தியக் கம்பெனிகளின் நிதிநிலை அறிக்கையில் நடப்பு ஆண்டின் எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய ஆண்டின் எண்ணும் இருக்க வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணை விதி. ஆகவே முன்பக்கத்தில் படம் மட்டும் போட்டிருந்தாலும், பின்பக்கத்து லாப நட்டக் கணக்கில் கடைசி இரண்டு பட்டைகளின் எண்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் பழைய ஆண்டறிக்கைகள் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களில் கிடைக்கலாம். ஓர் அறிக்கையில் இரண்டு வருடம் இருப்பதால், ஒன்று விட்டு ஒன்று எடுத்தாலே வரிசை நிரம்பிவிடும். அது கைக்கு எட்டாதபோதுதான் மீதி மூன்று பட்டைகளை அளக்க வேண்டிவரும். அப்போதும் தெரிந்த அந்த இரண்டு எண்கள் உரைகல்லாகப் பயன்படும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் போட்டோ. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வரும்; டாக்குமெண்ட்டாக அனுப்பினால் முழு அளவில் வரும். மறுபடி எடுக்க முடியுமானால், போனைப் பக்கத்துக்கு மிக அருகில் கொண்டுபோகாமல் இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் எடுத்தால் பக்கத்தின் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் விழும், ஓரங்கள் வளையும். வழவழப்பான தாளில் விளக்கின் பளபளப்பு பட்டையின் உச்சியில் விழுந்தால் விளிம்பே காணாமல் போகும். அந்த ஒரு பட்டையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இதில் பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் ஒன்றுதான். இடப்பக்கம் அச்சில் எழுதியிருக்கும் 500, 1,000, 1,500 என்ற எண்களைப் பார்த்து, வலக்கோடியில் இருக்கும் பட்டையின் உயரத்தை அவற்றோடு ஒப்பிடுகிறார்கள். போட்டோ ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். அது கண்ணுக்குச் சாய்வாகவே தெரியாது. வரைபடம் 1,500 பிக்சல் அகலம் என்றால், இடமிருந்து வலம் போவதற்குள் ஒரு கிடைமட்டக் கோடு 26 பிக்சல் ஏறியோ இறங்கியோ விடும். ஒரு பிக்சலுக்கு 2.1 கோடி என்ற அளவில் அது 55 கோடி. பட்டையின் விளிம்பை எவ்வளவு நுட்பமாகப் பிடித்தாலும் இந்தப் பிழை அப்படியே நிற்கும்.

அதனால் அச்சு இடப்பக்கம் இருக்கிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் அதன் தோளை ஒட்டிப் போகும் கட்டக்கோடுகள்தான் அச்சு. பட்டையின் உச்சிக்கு நேர் கீழே ஒரு கோடு, நேர் மேலே ஒரு கோடு. அந்த இரண்டையும் பட்டைக்குப் பக்கத்திலேயே அளந்து, உச்சி அவற்றுக்கு இடையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பக்கம் சாய்ந்திருந்தாலும், பைண்டிங் பக்கம் தாள் வளைந்து கோடு தொய்ந்திருந்தாலும், உச்சியும் அதன் பக்கத்துக் கோடுகளும் சேர்ந்தே சாயும், சேர்ந்தே தொய்யும். இந்த ஒன்றைச் செய்தால் படத்தை நிமிர்த்தும் வேலை கட்டாயமே இல்லை. நிமிர்த்தினால் அளப்பது எளிது, அவ்வளவுதான். இலவசப் படத் திருத்த மென்பொருளான GIMP-இல் அளவுக் கருவியை எடுத்து ஒரு கட்டக்கோட்டின் மேல் இழுத்து, Straighten பொத்தானை அழுத்தினால் படம் நேராகிவிடும்.

பிக்சல் எண்ணைப் படிக்க GIMP வேண்டும் என்றில்லை. விண்டோஸில் வரும் பெயிண்ட்டிலேயே, கர்சர் இருக்கும் இடத்தின் இரண்டு எண்கள் கீழே இடது மூலையில் தெரியும். இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. அது மேலிருந்து கீழாக எண்ணப்படுவது, அதாவது உயரமான பட்டைக்குச் சிறிய எண் வரும். படத்தை 400 சதவீதம் அல்லது அதற்கு மேல் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அப்போது பட்டையின் உச்சி கூரான கோடாக இருக்காது. மூன்று நான்கு பிக்சலுக்கு நிறம் மங்கி வெள்ளையில் கரையும். நிறம் பாதியாகக் குறையும் இடத்தை விளிம்பு என்று எடுங்கள். வேறோர் இடத்தை எடுத்தாலும் பெரிய குற்றமில்லை, எல்லாப் பட்டைக்கும் அதே இடமாக இருக்க வேண்டும். கட்டக்கோட்டுக்கு அதன் தடிமனின் நடுப்பகுதி. அச்சில் எழுதிய எண்ணின் நடுவை எடுக்காதீர்கள். வடிவமைப்பாளர் எழுத்தைக் கோட்டுக்கு நேராக வைத்திருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை; கோட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருப்பதைப் பல அறிக்கைகளில் பார்க்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியுடையவையும் அல்ல. இடப்பக்க அச்சு 0 முதல் 2,000 கோடி வரை, 500-க்கு ஒரு கட்டக்கோடு. படத்தை நேராக்கியபின் கோடுகள் இருக்கும் இடம்: 0 என்ற அடிக்கோடு 1640, 500 கோடி 1398, 1,000 கோடி 1158, 1,500 கோடி 919, 2,000 கோடி 682.

இடைவெளிகளைப் பாருங்கள்: 242, 240, 239, 237. சமமாக இருக்க வேண்டியவை மேலே போகப் போகக் குறுகுகின்றன. போன் பக்கத்துக்கு நேராக இல்லாமல் பக்கத்தின் மேல்முனை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது என்று அர்த்தம். இது சாய்வு அல்ல, தூரத்தால் வரும் குறுக்கம். படத்தைச் சுழற்றினால் போகாது. அடிக்கோட்டையும் 2,000 கோட்டையும் மட்டும் வைத்து நேர் விகிதம் போட்டால், நடுவில் இருக்கும் 1,000 கோடிக் கோட்டையே அது 1,006 என்று படிக்கும். கோட்டை வைத்தே கோட்டைச் சோதிக்கும் இந்தச் சிறு சோதனையை எப்போதும் செய்யுங்கள். 6 கோடி பிழை என்பது நாம் வேண்டும் என்கிற துல்லியத்தைவிட அதிகம். ஒவ்வொரு பட்டைக்கும் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்குள் மட்டும் விகிதம் போட்டால் இது கால் பிக்சல் அளவுக்கு, அதாவது அரைக் கோடிக்குச் சுருங்கிவிடும்.

2018-19 பட்டையின் உச்சி 1047-இல் இருக்கிறது. அது 1,000 கோட்டுக்கும் 1,500 கோட்டுக்கும் இடையில். 1,000 கோட்டிலிருந்து அது 111 பிக்சல் உயரத்தில். அந்தக் கட்டத்தின் முழு உயரம் 239. 111-ஐ 239-ஆல் வகுத்து 500-ஆல் பெருக்கினால் 232. ஆக 1,232 கோடி. எக்செல்லில் இப்படி எழுதலாம்:

```
=1000+(1158-1047)/(1158-919)*500
```

பட்டைகள் நிறைய இருந்தால் பைத்தானில் நான்கே வரி. கோடுகளின் இடத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிழைச் செய்தி எதுவும் தராமலே தப்பான விடை வரும்:

```python
import numpy as np
kodu = [682, 919, 1158, 1398, 1640]
kodi = [2000, 1500, 1000, 500, 0]
print(np.interp([1047, 1012, 1089, 871, 764], kodu, kodi).round())
```

விடை: 2018-19-க்கு 1,232, 2019-20-க்கு 1,305, 2020-21-க்கு 1,144, 2021-22-க்கு 1,601, 2022-23-க்கு 1,827. எல்லாம் கோடியில்.

இவற்றின் பிழை எவ்வளவு? ஒரு பிக்சல் 2.1 கோடி. விளிம்பைப் பிடிப்பதில் இரண்டு பிக்சல் தவறலாம், கோட்டைப் பிடிப்பதில் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 5 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை வராவிட்டால் ஒரு வழி: கோப்பை மூடிவிட்டு அடுத்த நாள் பழைய எண்களைப் பார்க்காமல் அதே ஐந்து பட்டைகளை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு நாள் அளவுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையின் பிழையைக் காட்டும். இது கையின் பிழையை மட்டுமே காட்டும், படத்தில் இருக்கும் கோணலைக் காட்டாது.

இப்போது லாப நட்டக் கணக்குப் பக்கத்துக்கு வருவோம். அதில் 'ரெவின்யூ ஃப்ரம் ஆபரேஷன்ஸ்' என்ற வரியில் 2022-23-க்கு 1,823.64, 2021-22-க்கு 1,597.18 என்று இருக்கிறது. நாம் படித்தது 1,827, 1,601. இரண்டிலுமே நாம் 3 முதல் 4 கோடி கூடுதலாகப் படித்திருக்கிறோம். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்றிருந்தால் அது சாதாரணக் கைப்பிழை. ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால், பெரும்பாலும் விளிம்பை எல்லா இடத்திலும் இரண்டு பிக்சல் மேலே எடுத்திருக்கிறோம். எல்லாப் பட்டைக்கும் ஒரே இடத்தை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பிழை ஒரே மாதிரி இருந்தால் ஒரே கழித்தலில் போய்விடும். மற்ற மூன்றிலும் 3.5 கழித்தால் 2018-19-க்கு 1,229, 2019-20-க்கு 1,302, 2020-21-க்கு 1,141 என்று வருகிறது. கூடுதல் நிலையான 3.5 கோடியா, விகிதப்படி 0.2 சதவீதமா என்று இந்த இரண்டு பட்டைகளை வைத்துத் தீர்மானிக்க முடியாது. 2018-19-க்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு கோடிதான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த ஒப்பீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தனிக் கம்பெனியின் கணக்கும் துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து இருக்கும். படம் எதற்கானது என்று தலைப்பில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், சில நேரம் எழுதவும் மாட்டார்கள். உங்கள் அளவு அச்சிட்ட எண்ணோடு 10, 15 சதவீதம் பிசகினால் அளவைச் சந்தேகிப்பதற்கு முன் அடுத்த கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, இதர வருமானம். சில அறிக்கைகளில் 'டோட்டல் இன்கம்' என்ற மொத்த வருமானத்தைப் பட்டையாகப் போட்டுவிட்டு, தலைப்பில் வெறுமனே வருமானம் என்பார்கள். பத்தாண்டுப் படமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வரும் வரை விற்பனை வருமானத்தில் கலால் வரியும் சேர்த்துக் காட்டப்பட்டது, அதன்பின் ஜி.எஸ்.டி. சேராது. உற்பத்திக் கம்பெனியின் பட்டை அந்த இடத்தில் தேங்கி நின்றால் வியாபாரம் தேங்கியது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டு தெரிந்த பட்டைகளும் ஒன்று 20 கோடி மேலாகவும் மற்றது 30 கோடி கீழாகவும் வந்து, எந்தக் கணக்கோடும் பொருந்தவில்லை என்றால்? பட்டைகள் அளவுப்படி வரையப்படவே இல்லை. எக்செல்லில் வந்த படத்தை அச்சுக்கு அனுப்பும்போது வடிவமைப்பாளர் கையால் மறுபடி வரைவது அபூர்வமல்ல. பட்டைகள் வரிசையாக ஏறுவது போல் அழகுபடுத்தியிருப்பார்கள். அந்தப் படத்திலிருந்து எண் எடுப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் வாசகங்களையும் விடாதீர்கள். பட்டைக்கு மேலே ஓர் அம்புக்குறி போட்டு, ஆண்டுக் கூட்டு வளர்ச்சி 10.4 சதவீதம் என்று எழுதியிருக்கிறது என்று வைப்போம். ஐந்து பட்டைகளுக்கு இடையில் நான்கு இடைவெளிகள்தான், அதனால் நான்கு வருட வளர்ச்சி. 1,823.64-ஐ 1.104-இன் நான்காம் அடுக்கால் வகுத்தால் 1,227.6. 10.4 என்பது 10.35-க்கும் 10.45-க்கும் இடையில் எதையும் ரவுண்டு செய்ததாக இருக்கலாம் என்பதால், 2018-19-இன் விற்பனை 1,225-க்கும் 1,230-க்கும் இடையில் இருக்க வேண்டும். நாம் அளந்தது 1,229. ஒரு சதவீத எண்ணை வைத்து எடுத்த இந்த வரம்பு, நாம் பிக்சல் எண்ணி எடுத்ததைவிடக் குறுகலானது என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒன்று கிடைத்தால் அளவைவிட அதற்கே முன்னுரிமை. சில கம்பெனிகள் ஐந்து வருடம் என்று சொல்லி ஐந்தால் கணக்குப் போட்டுவிடும். இதே எண்களுக்கு அப்போது 8.2 சதவீதம் என்று அச்சாகியிருக்கும். அளவும் வாசகமும் பெரிதாக முரண்பட்டால் இதைச் சோதித்துப் பாருங்கள்.

கோட்டுக்கு வருவோம். லாப விகிதக் கோடு வலப்பக்க அச்சில் படிக்க வேண்டியது. அந்த அச்சு பெரும்பாலும் பூஜ்யத்தில் தொடங்காது. நம் எடுத்துக்காட்டில் அது 8 சதவீதத்தில் தொடங்கி, அதே ஐந்து கட்டக்கோடுகளில் 10, 12, 14, 16 என்று ஏறுகிறது. பட்டையின் அடியில் தொடங்குவதால் கோடும் பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது என்று கண் ஏமாறும்.

கோட்டில் புள்ளிகளுக்கு வட்டம் போட்டிருந்தால் வட்டத்தின் நடுவே எண். வட்டத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் படித்துச் சராசரி எடுப்பது நடுவைக் கண்ணால் குறிப்பதைவிட நல்லது. வட்டம் இல்லாத கோட்டில், அந்த வருடத்தின் பட்டைக்கு நடுவில் நேராக மேலே போய்க் கோட்டைச் சந்திக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். தடித்த கோடு கூராக மடங்கும் உச்சியில் ஒரு பொறி இருக்கிறது: கோட்டின் வெளிமுனை உண்மையான புள்ளியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். மடிப்பு எவ்வளவு கூரோ, நீட்டல் அவ்வளவு அதிகம். முனையைப் படித்தால் நல்ல வருடம் இன்னும் நல்லதாகவும், மோசமான வருடம் இன்னும் மோசமாகவும் வரும். இருபக்கத்துக் கோட்டுத் துண்டுகளின் நடுவையும் நீட்டி, அவை சந்திக்கும் இடத்தை எடுங்கள். கோட்டை வளைவாக மெருகேற்றியிருந்தால், வளைவின் உச்சி இரண்டு வருடங்களுக்கு நடுவில் எங்கோ விழும். அந்த உச்சிக்கு எந்தப் பொருளும் கிடையாது. மென்பொருள் வளைத்ததால் வந்தது. பட்டையின் நடுவுக்கு நேரே இருக்கும் இடம் மட்டுமே கணக்கு.

2022-23-இன் வட்டம் 812-இல் இருக்கிறது. 14 சதவீதக் கோடு 919, அதிலிருந்து 107 பிக்சல் மேலே. 107-ஐ 237-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 0.90. ஆக 14.9 சதவீதம். 2020-21-இன் வட்டம் 1123-இல்: 12 சதவீதக் கோட்டுக்கு மேலே 35 பிக்சல், அதாவது 12.29 சதவீதம். இங்கே ஒரு பிக்சல் வெறும் 0.0084 சதவீதம்தான். மூன்று பிக்சல் தவறினாலும் 0.03 சதவீதத்துக்குள் இருப்போம்.

ஆனால் எதன் விகிதம் இது? தலைப்பில் எபிட்டா மார்ஜின் என்று இருக்கும், அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தின் விகிதம். எபிட்டா என்று லாப நட்டக் கணக்கில் ஒரு வரி கட்டாயமில்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு விதமாகப் போடுவார்கள். அளவின் பிழையைவிட இந்த விளக்கப் பிழை பல மடங்கு பெரியது. தெரிந்த வருடத்தை வைத்து இதைத் தீர்க்கலாம். 2022-23-இல் அச்சிட்ட எண்கள் இவை என்று வைப்போம்: விசேஷ இனங்களுக்கு முன், வரிக்கு முந்தைய லாபம் 214.30, வட்டிச் செலவு 31.85, தேய்மானம் 52.40, இதர வருமானம் 26.90. முதல் மூன்றையும் கூட்டினால் 298.55. இதை மொத்த வருமானமான 1,850.54-ஆல் வகுத்தால் 16.1 சதவீதம். இதர வருமானத்தைக் கழித்து 271.65-ஐ 1,823.64-ஆல் வகுத்தால் 14.9 சதவீதம். கோடு சொல்வது 14.9. ஆக, இந்தக் கம்பெனி இதர வருமானத்தைச் சேர்க்காமல்தான் எபிட்டா போடுகிறது. 2021-22-க்கும் இதேபோல் போட்டுப் பார்த்து அங்கும் பொருந்தினால் சந்தேகமில்லை.

இது தெரிந்தபின் பழைய வருடங்களின் எபிட்டாவைக் கோடியில் கணக்கிடலாம். 2020-21-க்கு 1,141-இல் 12.29 சதவீதம், 140 கோடி. விற்பனையின் பிழை 0.44 சதவீதம், விகிதத்தின் பிழை அதன் மதிப்பில் 0.24 சதவீதம், சேர்ந்து அரை சதவீதம் என்பதால் ஒரு கோடி முன்பின். பெருக்கும்போது பிழை அதிகம் வளர்வதில்லை. கழிக்கும்போதுதான் கவனம் வேண்டும். 2019-20-இலிருந்து 2020-21-க்கு விற்பனை 161 கோடி குறைந்தது என்று சொல்லும்போது, இரண்டு பக்கத்து 5 கோடியும் சேர்ந்து 7 கோடி பிழையாகிறது. சரிவு 12.4 சதவீதம், அரை சதவீதம் முன்பின் என்று சொல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகளில் நடுத்துண்டைப் படிப்பதும் இதே கழித்தல்தான். மெல்லிய துண்டாக இருந்தால் பிழை அதன் அளவையே நெருங்கிவிடும்.

கட்டக்கோடே இல்லாத படம் என்றால் நிலைமை வேறு. இப்போதெல்லாம் பல அறிக்கைகள் அச்சையும் எடுத்துவிட்டு வெறும் பட்டைகளை மட்டும் நிறுத்துகின்றன. தெரிந்த இரண்டு எண்கள் இருக்கின்றனவே, அவற்றையே அளவுகோலாக்கினால் என்ன என்று தோன்றும். செய்யலாம், ஆனால் விலை உண்டு. நம் படத்திலேயே கோடுகள் இல்லை என்று வையுங்கள். கடைசி இரண்டு உச்சிகளுக்கும் இடையே 107 பிக்சல், 226.46 கோடி, ஒரு பிக்சலுக்கு 2.116. 2020-21-இன் உச்சி 2021-22-ஐவிட 218 பிக்சல் கீழே, அதாவது 461 கோடி குறைவு: 1,136. ஆனால் அந்த 107 பிக்சலை அளப்பதிலேயே ஏறத்தாழ 2.8 பிக்சல் பிழை இருக்கும், அது 2.6 சதவீதம். அளவுகோலைவிட இரண்டு மடங்கு தூரம் வெளியே போய் அளப்பதால் பிழை 12 கோடியாகிவிடுகிறது. தெரிந்த எண்களைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது நல்லது. அவற்றை மட்டுமே நம்பி வெளியே நீட்டுவது பலவீனமானது.

இதற்கு ஒரு துணை இருக்கிறது, பட்டையின் அடி. அடி பூஜ்யமாக இருந்தால், அது மூன்றாவது தெரிந்த புள்ளியாகிவிடும், நாம் உள்ளுக்குள்தான் அளக்கிறோம். அடி பூஜ்யமா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இரண்டு பட்டைகளின் உயர விகிதத்தைப் பாருங்கள். நம் படத்தில் உயரங்கள் 876, 769, விகிதம் 1.139. அச்சிட்ட எண்களின் விகிதம் 1.142. பொருந்துகிறது, அடி பூஜ்யம்தான். உயர விகிதம் 1.4, 1.5 என்று எகிறினால் அடியை வெட்டியிருக்கிறார்கள். வளர்ச்சி பெரிதாகத் தெரிய இது வழக்கமான தந்திரம். பட்டையின் நடுவில் இரண்டு சாய்ந்த கீறல் போட்டிருந்தால் அச்சை முறித்திருக்கிறார்கள், கீறலுக்குக் கீழே இருக்கும் உயரத்துக்கு மதிப்பே கிடையாது. கட்டக்கோடு இல்லாத படத்தில் மட்டும் நிமிர்த்தும் வேலையைத் தவிர்க்க முடியாது. எல்லாப் பட்டைகளின் அடியும் ஒரே நேர்கோட்டில், கிடைமட்டமாக வரும்வரை சுழற்றுங்கள். முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்வரை GIMP-இன் Perspective கருவியால் இழுங்கள்.

முப்பரிமாணப் பட்டைகளில் உச்சி எது என்பதே கேள்வி. முன்முகத்தின் மேல்விளிம்பு ஒன்று, பின்முகத்தின் மேல்விளிம்பு ஒன்று. கட்டக்கோடுகளோ பின்சுவரில் வரையப்பட்டிருக்கும். பட்டை சுவரிலிருந்து முன்னே தள்ளி நிற்பதால் முன்விளிம்பை அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகவே வரும். தெரிந்த இரண்டு பட்டைகளில் அந்தக் குறைவு சமமாக இருந்தால், அதை மற்றவற்றிலும் கூட்டலாம். அப்படிச் செய்தாலும் 5 கோடி என்ற கணக்கை மறந்துவிட்டு 20, 30 கோடி என்று எழுதுங்கள்.

எழுதும் விதம் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் தாளில் 2021-22, 2022-23 எண்களை அச்சில் உள்ளபடி இரண்டு தசமத்தோடு எழுதுங்கள். மற்ற மூன்றையும் 1,229, 1,302, 1,141 என்று முழு எண்ணாக எழுதி, பக்கத்தில் 'படத்திலிருந்து அளந்தது, ±5' என்று குறித்து, செல்லுக்கு வேறு நிறம் கொடுங்கள். கால்குலேட்டர் கொடுத்த 1,140.9-ஐ அப்படியே விட்டுவைத்தால், ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும் ஒருவர், ஒருவேளை நீங்களே, அதைக் கணக்குப் பக்கத்திலிருந்து எடுத்த எண் என்று நினைத்துக்கொள்வார். அளந்த பிக்சல் எண்களையும் அதே தாளில் ஓர் ஓரமாக வையுங்கள். பழைய அறிக்கை பின்னால் கையில் கிடைக்கும்போது எந்தப் பட்டையில் பிசகினீர்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.